ஒரண்டா இணையின் மூன்று படங்கள்: நான் கண்டது

தம்பிக்கு,

நேற்றிரவு நீங்கள் அனுப்பிய ஒரண்டாத் தங்கமீன் இணையின் மூன்று படங்களையும் கைத்தொலைபேசியில் பார்த்தேன். இன்று காலை மகளின் கணினியில் பெரிதாக்கி மறுபடியும் பார்த்தேன். விற்பவர் இணைக்கு 9,000 ரூபாய் கேட்கிறார் என்றீர்கள். ஆண் மீனை வாங்கலாம். பெண் மீனுக்கு இன்னொரு படம் வராமல் பணம் அனுப்ப வேண்டாம். கண்டி பஸ்ஸில் வந்து இறங்கிய பிறகு வருந்திப் பயனில்லை என்பதால் எல்லாவற்றையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் படத்தில் ஆண் தனியாக, வலப்பக்கம் காட்டி நிற்கிறது. பார்த்தவுடன் மனதைப் பறிப்பது அந்தச் சிவப்பு. கொண்டையிலிருந்து முதுகு முழுவதும் செம்பருத்தி நிறம், வயிறு வெள்ளை. ஆனால் தொட்டியின் மூலையில் இருக்கும் வடிகட்டி மூடியைப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய அந்த மூடி இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. மேலே சிவந்த விளக்கு எரிகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இரண்டாம் படம் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தது. அதில் அதே மூடி பால்வெள்ளை. அங்கே அதே மீன் செம்மஞ்சளாக இருக்கிறது, பழுத்த தோடம்பழத் தோலின் நிறம். அதுதான் உண்மை நிறம். நல்ல நிறம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாடிக்கையாளரிடம் "கடும் சிவப்பு" என்று சொல்லி விற்காதீர்கள். முதல் படத்தை உங்கள் விளம்பரத்தில் போடவும் வேண்டாம். வாங்கியவர் வீட்டுத் தொட்டியில் விட்டுப் பார்த்ததும் உங்கள் பெயர்தான் கெடும்.

நிறத்தின் எல்லை எனக்குப் பிடித்திருக்கிறது. சிவப்பு வெள்ளையோடு கலங்காமல், பக்கக்கோட்டுக்குச் சற்று மேலே வெட்டியதுபோல் நிற்கிறது. முதுகுச் செட்டையின் மேல்நுனியில் மெல்லிய கறுப்பு ஓரம் இருக்கிறது. இளமையில் இருந்த கறுப்பு இன்னும் முழுவதும் கழியவில்லை; அது நிலைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். தங்கமீனின் கறுப்பு வருவதும் போவதுமாக இருக்கும்.

செவுள் மூடியில் சிறு வெள்ளைப் புள்ளிகள் இருப்பதாகப் பயந்து எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம். எண்ணிப் பார்த்தேன்: வலது மூடியில் ஏழெட்டு, மார்புச் செட்டையின் முன்கதிரில் வரிசையாகச் சில. உடலில் ஒன்றும் இல்லை, வாலில் ஒன்றும் இல்லை. வெண்புள்ளி நோயென்றால் உப்புத் தூவியதுபோல் உடல், வால் என்று கண்ட இடமெல்லாம் சிதறியிருக்கும். இவை இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வரும் பருக்கள். விலையைக் குறைக்கக் காரணமாக இதைச் சொல்லிவிடாதீர்கள். விற்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் உங்களைப் புதியவர் என்று எடைபோட்டுவிடுவார்.

உருவத்துக்கு மூன்றாம் படம்தான் துணை. வெள்ளைப் பேசினில் மேலிருந்து, அருகில் அடிமட்டம் வைத்து எடுத்திருக்கிறார். வாயிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஆண் 8 சென்டிமீட்டர். பக்கப்படத்தைத் திரையில் அளந்தேன்: நீளம் 12 என்றால் உடலின் உயரம் 8 வருகிறது, மூன்றில் இரண்டு பங்கு. ஒரண்டாவுக்கு அந்த முட்டை வடிவம் போதும். வால் காம்பு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கிறது, அதனால் வால் தொங்காமல் நிமிர்ந்து விரிகிறது. வால் நடுவில் நன்றாகப் பிளந்து இரண்டாக இருக்கிறது. கொண்டை தலையுச்சியில் நிறைவாக இருக்கிறது. கன்னங்களில் இன்னும் வளர இடமுண்டு, கண்ணை மறைக்கவில்லை. முதுகுச் செட்டை மடியாமல் பாய்மரம்போல் நிற்கிறது. மீன் நலமாக இருக்கிறது என்பதற்கு நான் முதலில் தேடும் அடையாளம் அதுதான்.

இனிப் பெண். மேலிருந்து பார்த்தால் வயிறு வலப்பக்கம் கூடுதலாகப் புடைத்திருக்கிறது. செதில்கள் படிந்தே இருக்கின்றன, பலாப்பழத் தோல்போல் எழும்பவில்லை. ஆகவே நீர்க்கோர்வையாகத் தெரியவில்லை; முட்டை இருக்கலாம். சிக்கல் வாலில் இருக்கிறது. வலது மடலின் நுனியில் கதிர்கள் பிரிந்து கிழிசலாக நிற்கின்றன. கல்லில் உரசிக் கிழிந்திருந்தால் ஓரம் தெளிவாக இருக்கும், அது தானாக ஆறும். இங்கே கிழிசலின் ஓரம் பால்போல் கலங்கியிருக்கிறது. அதோடு கதிர்களின் இடையில் சிவந்த கோடுகள். வெள்ளை வாலில் மெல்லிய இரத்தக் குழாய்கள் தெரிவது வழக்கம், அதற்காக மீனைத் தள்ளக் கூடாது. ஆனால் இந்தக் கோடுகள் தடிப்பானவை, அடியில் திட்டாகவும் சேர்ந்திருக்கின்றன. நீர் கெட்டு அமோனியா ஏறிய தொட்டியிலோ, வால் அழுகல் தொடங்கிய மீனிலோ இப்படி வரும். இரண்டில் எது என்று படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. மூன்றாம் படத்தில் பெண்ணின் முதுகுக்கோடு வால் அருகே இடப்பக்கம் வளைகிறது. திரும்பும் நேரத்தில் படம் எடுத்திருந்தால் எந்த மீனும் அப்படித்தான் தெரியும். முதுகெலும்பே கோணலாக இருந்தால் அதை வளர்ப்புக்கு விற்க முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒருவர் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து அனுப்பிய படத்தை நம்பி நான்கு மீன் வாங்கினேன். கிண்ணத்தின் வளைவில் எல்லாம் கொழுத்த உருண்டைகளாகத் தெரிந்தன. கையில் வந்தபோது இரண்டு ஒடுங்கிய மீன்கள், ஒன்றின் முதுகு கூனல். அன்றிலிருந்து அசையும் படம் பார்க்காமல் நான் பணம் கொடுப்பதில்லை.

ஆகவே விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: பெண்ணைத் தட்டையான கண்ணாடித் தொட்டியில் விட்டு, பகல் வெளிச்சத்தில், வாலின் இரு பக்கமும் தெரியும்படி ஒரு படம்; வெள்ளைப் பேசினில் மேலிருந்து நீந்துவதைப் பத்து விநாடி வீடியோ. பின்னால் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டச் சொல்லுங்கள். தர மறுத்தால் ஆணை மட்டும் 5,000 ரூபாய்க்குக் கேளுங்கள். ஒரு ஐந்நூறு கூடினாலும் விடாதீர்கள். முதுகு நேராக இருந்து, வால் மட்டும் கெட்டிருந்தால் இணையை 7,000 வரை எடுக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணைக் குறைந்தது மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்தே ஆக வேண்டும். தையில் உங்கள் லயத்து அறையில் நீர் 17 பாகைக்கு இறங்குகிறது என்று சொல்லியிருந்தீர்கள். அந்தக் குளிரில் கிழிந்த வால் ஆறுவது மிக மெதுவாகத்தான். தனித் தொட்டிக்கு ஹீட்டர் போட்டு 22 பாகையில் வையுங்கள். நீர் மாற்றுவதில் சோம்பல் வேண்டாம்.

எடுப்பதென்று முடிவானால், அனுப்புவதற்கு முந்திய நாள் இரை போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பைக்குள் கழிவு சேர்ந்தால் அந்தப் பெண்ணின் வால் ஹட்டன் வரும் முன்பே இன்னும் சிவந்துவிடும். இரண்டையும் ஒரே பையில் போடவும் விடாதீர்கள்.

வியாழன் வரை பொறுப்பதாக விற்பவர் சொல்லியிருக்கிறார் அல்லவா? வீடியோ வந்ததும் அனுப்புங்கள், இரவு பத்து மணியானாலும் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பண்டாரவளையிலிருந்து அண்ணன்