ஆபத்து இருக்கும் இடமும் ஆள் இருக்கும் இடமும்

போன ஆண்டு தொழிற்பாதுகாப்பு மாலை வகுப்பில் சேர்ந்தவர்களிடம் முதல் நாளே ஒரு படத்தைக் கொடுத்தேன். ஜவ்வரிசி ஆலை ஒன்றில் மாவுப் பால் சிந்திக் கிடக்கும் சிமெண்ட் தரை. படத்தில் ஆள் யாரும் இல்லை. “இதில் ஹசார்ட் எது, ரிஸ்க் எது?” என்று கேட்டிருந்தேன். பாதிக்கும் மேற்பட்டோர் ஒரே விடையை எழுதினார்கள்: ஹசார்ட் – வழுக்கி விழுதல், ரிஸ்க் – எலும்பு முறிவு.

இரண்டும் தவறு. வழுக்கி விழுவது நடக்கக்கூடிய ஒரு நிகழ்வு. எலும்பு முறிவது அதன் விளைவு. ஹசார்ட் என்பது அந்த ஈரத் தரைதான். ரிஸ்க் எவ்வளவு என்பதை அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. அந்த வழியாக யார் நடக்கிறார்கள், தலையில் மூட்டையோடு போகிறார்களா, ஒரு ஷிப்டில் எத்தனை முறை கடக்கிறார்கள், விளக்கு எரிகிறதா, சிந்தியதை எவ்வளவு நேரத்தில் கழுவிவிடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தால்தான் பேச முடியும். படத்தில் ஆளே இல்லாதபோது ரிஸ்க்கை எங்கிருந்து கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்களுக்கு அந்த இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் அபாயம், ஆபத்து, இடர் ஆகிய மூன்றையும் நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். அன்றாடப் பேச்சில் அதனால் குறையொன்றும் இல்லை. நம் பாடத்தில் அப்படிச் செய்தால் கணக்கே தவறிவிடும். ஆகவே இந்த வகுப்பில் ஹசார்ட் என்றால் ‘அபாய மூலம்’: உடலுக்கோ நலத்துக்கோ தீங்கு செய்யும் ஆற்றல் உள்ள பொருள், இயந்திரம், இடம், வேலைமுறை. ரிஸ்க் என்றால் ‘இடர்’: அந்தத் தீங்கு நிகழ எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, நிகழ்ந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்ற இரண்டும் சேர்ந்த அளவு.

தெருமுனை மின்மாற்றியில் தொங்கும் பலகையை நினைத்துப் பாருங்கள். மண்டை ஓட்டுப் படம், ‘அபாயம்’, ‘11,000 வோல்ட்’. அந்தப் பலகை மூலத்தை அறிவிக்கிறது; உங்களுக்கு இன்று எவ்வளவு இடர் என்று சொல்லவில்லை. வேலிக்கு வெளியே எதிர்ப்பக்கத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு இடர் மிகக் குறைவு. பக்கத்து வீட்டு மாடியில் நின்று, கம்பிமேல் சாய்ந்த கிளையை இரும்புக் குழாயால் தள்ளுபவருக்கு மிக அதிகம். இருவருக்கும் மின்சாரம் ஒன்றே, வோல்ட்டும் ஒன்றே.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் இரண்டு பேர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்தே வருகிறீர்கள். ஒரு பட்டறையில் அமிலக் கேன் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடி இறுகியிருக்கிறது, பெயர் எழுதி ஒட்டியிருக்கிறது, கீழே தட்டு வைத்துப் பூட்டிய அறையில் நிற்கிறது. மறுநாள் அதே அமிலத்தைக் காலித் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி, வேலை செய்யும் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மதியம் தாகத்தோடு ஒரு பையன் உள்ளே வருகிறான். அமிலத்தின் குணம் நேற்றும் இன்றும் மாறவில்லை. சொல்லப்போனால் அளவு குறைந்திருக்கிறது. இடரோ பல மடங்கு ஏறிவிட்டது. இந்த எடுத்துக்காட்டை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

அதே பட்டறையில் இன்னொரு மூலம் கண்ணில் படாமல் இருக்கலாம். நகைக்கடைகளில் ‘கேடிஎம்’ என்று கேட்டிருப்பீர்கள். நகையின் துண்டுகளை ஒட்டவைக்க உருக்கும், காட்மியம் என்ற உலோகம் கலந்த பற்றைக் குறிக்கும் சொல் அது. காட்மியம் கலந்த பற்றைச் சூடாக்கும்போது எழும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கக்கூடியது. ஒரு நாள் சுவாசித்தவருக்கும், சன்னல் இல்லாத அறையில் இருபது ஆண்டு சுவாசித்தவருக்கும் இடர் ஒன்றல்ல. அமிலம் பட்ட உடனே தோல் எரிகிறது. இந்தப் புகையோ பல நேரம் ஆண்டுகள் கழித்துத்தான் கணக்குக் கேட்கிறது. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலும் இந்த வகைதான். காது ஒரே நாளில் போவதில்லை. அதனாலேயே அங்கே யாரும் அதை அபாய மூலமாக எழுதுவதில்லை.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. இதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தை என்னால் நடத்த முடியாது.

இருபத்தைந்து வயதில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மேற்பார்வையாளனாக இருந்தேன். கழிவுநீர்த் தொட்டியின் பம்பு திப்பி அடைத்து நின்றுபோனது. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்தபின் மிஞ்சும் நாரும் சக்கையும்தான் திப்பி என்பது உங்களுக்குத் தெரியும். ஓர் ஊழியர் ஏணி வழியாக இறங்கினார். அதற்கு முன்பும் பலமுறை இறங்கியவர். படிகள் வழுக்கும் என்பதற்காக இடுப்பில் கயிறு கட்டியிருந்தோம். நான்காவது படியில் அவர் கை தளர்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இழுத்து மேலே கொண்டுவந்தார்கள். மருத்துவமனையில் மூன்று நாள் இருந்து உயிரோடு திரும்பினார்.

அந்தத் தொட்டிக்கு நான் முன்பே ஆய்வுத் தாள் எழுதியிருந்தேன். அபாய மூலம் என்ற பத்தியில் ‘ஆழம் – பன்னிரண்டு அடி, வழுக்கும் படி’ என்றிருந்தது. வாயு இல்லை. எழுதவில்லை என்பதைவிட, அப்படி ஒன்று அங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தேங்கி அழுகும் கழிவில் ஹைட்ரஜன் சல்பைடு உருவாகிறது. காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ நூறு பங்கை எட்டினால் மூக்கின் உணர்வே மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரத்தில்தான் அது கொல்லும் அளவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். விழுந்தவரைக் காப்பாற்றப் பின்னாலேயே இறங்கியவர்களும் இறந்துபோன செய்திகளை நீங்கள் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

இதில் இரண்டு தவறுகள் இருந்தன. ஒன்று, மூலத்தைத் தவறவிட்டேன். ஆழத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு, கயிறு கட்டினால் இடர் குறைவு என்று முடித்துவிட்டேன். வேறு காரணத்துக்காகக் கட்டிய கயிறு அன்று அவரைக் காத்தது. அதில் என் திறமை எதுவும் இல்லை. இரண்டாவது, “பத்து வருடமாக இறங்குகிறோம், ஒன்றும் ஆனதில்லை” என்ற பேச்சை நானும் நம்பினேன். விபத்து நடக்கவில்லை என்பது அபாய மூலம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. அந்தப் பத்து ஆண்டும் தொட்டி பெரும்பாலும் காலியான மறுநாளே கழுவப்பட்டது. அந்த முறை கழிவு நாள்கணக்கில் தேங்கியிருந்தது.

பிறகு அந்தப் பம்பைச் சங்கிலியால் மேலே தூக்கும்படி மாற்றினோம். வாயு இன்றும் அந்தத் தொட்டியில் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். ஆள் இறங்க வேண்டிய தேவை போய்விட்டது. அதாவது மூலம் அப்படியே இருக்கிறது, இடர் விழுந்துவிட்டது. கொலுசுப் பட்டறையில் காட்மியம் இல்லாத பற்றுக்கு மாறினால் அந்த மூலமே அகன்றுவிடும். இரண்டும் நல்ல வழிகள், ஆனால் வேறு வேறு வழிகள். எங்கே முடியுமோ அங்கே மூலத்தையே அகற்றப் பாருங்கள். முடியாதபோது ஆளை அதனிடமிருந்து விலக்குங்கள். கையுறையும் முகக்கவசமும் வரிசையில் கடைசி, ஏனென்றால் அவை மூலத்தைத் தொடுவதே இல்லை. கையுறை கிழிந்த நொடியில் பழைய இடர் முழுதாகத் திரும்பிவிடுகிறது.

அளவிடுவது எப்படி என்பதற்கு மலைக்குப் போவோம். ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மூங்கில் ஏணியைச் சாய்த்து, இருபது அடி உயரத்தில் நின்று பறிக்கிறார்கள். அபாய மூலம் உயரத்தில் நிற்கும் வேலை. பல நிறுவனங்கள் பயன்படுத்தும் எளிய முறை இது:

இடர் = நிகழ்வாய்ப்பு × கடுமை

இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். இருபது அடியிலிருந்து விழுந்தால் உயிர் போகலாம், ஆகவே கடுமை 5. வெயில் ஏறியபின், ஏணியை மரத்தோடு கட்டி, கீழே ஒருவர் பிடித்திருக்க ஏறினால் நிகழ்வாய்ப்பு 2 என்று வைக்கலாம், இடர் 10. மூடுபனி விலகாத காலையில், பாசி ஈரமாக இருக்கும்போது, கட்டாத ஏணியில் தனியாக ஏறினால் நிகழ்வாய்ப்பு 4, இடர் 20. அதே மரம், அதே ஏணி, அதே ஆள். கடுமை 5 இரண்டிலும் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்த எண்ணை வணங்காதீர்கள். அது நம் தீர்ப்பின் சுருக்கம், தராசில் நிறுத்த எடை அல்ல. அடிக்கடி நேரும் சிறு கீறலுக்கும் (5 × 1), மிக அரிதாக நேரக்கூடிய மரணத்துக்கும் (1 × 5) விடை ஒன்றாகவே வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவரிடம் நான் ஒரு தொழிற்சாலையை ஒப்படைக்க மாட்டேன். மதிப்பெண் போடும்போது ஏணியில் ஏறுபவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். எந்தச் சரிவில் மண் இளகும், எந்த மரத்தில் தேன்கூடு இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஆள் மாறினாலும் இடர் மாறும். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். தினமும் தோட்டத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் ஓட்டுநருக்கும், முதன்முறையாக வண்டியைக் கீழே இறக்கி, எரிபொருளை மிச்சப்படுத்த கியரை நியூட்ரலில் போடுபவருக்கும் சாலை ஒன்றுதான். இரண்டாமவரின் பிரேக் பாதி வழியிலேயே சூடேறித் தளர்ந்துவிடலாம்.

வரும் சனிக்கிழமை ஆத்தூர்ச் சாலையில் ஓர் ஆலையைப் பார்க்கப் போகிறோம். காலை எட்டு மணிக்குப் பயிற்சி மையத்தின் வாசலில் இருங்கள். மூடிய காலணி கட்டாயம். துப்பட்டாவையோ தளர்ந்த சட்டைக் கையையோ இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: அபாய மூலம், யார் எப்போது எவ்வளவு நேரம் அருகில் இருக்கிறார், என்ன நிகழலாம், நிகழ்ந்தால் என்ன ஆகும். இரண்டாவது பத்தியை நின்று பார்த்தும் ஊழியர்களிடம் கேட்டும் மட்டுமே நிரப்ப வேண்டும். மதிப்பெண் எதையும் அங்கே போடாதீர்கள். திங்கட்கிழமை வகுப்பில் சேர்ந்து போடுவோம்.