4-ஆம் தளம்: ஃபயர் வார்டன் பணிக்குறிப்பு

நம் தளத்துக்கு இரண்டு வார்டன்கள். வரவேற்பு மேசைப் பக்கம் உள்ள பாதி கிழக்கு வார்டனுக்கு, கணக்குப் பிரிவிலிருந்து பேன்ட்ரி வரை மேற்கு வார்டனுக்கு. ஒருவர் விடுப்பில் போனால் அவருடைய மாற்று வார்டன் யார் என்பது அன்று காலையே மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மணி அடித்த பிறகு தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

அலாரம் கேட்டதும் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு டார்ச்சை எடுங்கள். "ஒத்திகையா, நிஜமா?" என்று யாரிடமும் விசாரிக்க வேண்டாம். எதுவானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். "எல்லோரும் வெளியே, படிக்கட்டு வழியாக" என்று சத்தமாக, நிதானமாகச் சொல்லுங்கள். கத்தினால் கூட்டம் கலவரப்படும், முனகினால் யாரும் அசைய மாட்டார்கள். பை, லேப்டாப், சார்ஜர் எடுக்க நிற்பவரை நகர்த்துங்கள். லிஃப்ட் வேண்டவே வேண்டாம்.

கிழக்குப் பாதி ஏ படிக்கட்டிலும் மேற்குப் பாதி பி படிக்கட்டிலும் இறங்கும். எதில் புகை வந்தாலும் அதை விட்டுவிட்டு மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். கைப்பிடியைப் பிடித்து ஒரு பக்கமாக இறங்கச் சொல்லுங்கள். மேலே ஏறி வரும் தீயணைப்பு வீரர்களுக்கு மறுபக்கம் வேண்டும். புகை இருக்கும் நடைபாதையில் குனிந்து போக வேண்டும், கீழேதான் காற்று கொஞ்சம் தெளிவாக இருக்கும்.

அறைகளைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பொறுமை கேட்கும் பகுதி. வெளியேறும் கதவிலிருந்து மிகத் தள்ளியுள்ள மூலையில் தொடங்கி, கதவை நோக்கி வாருங்கள். அப்போது பின்னால் யாரும் மிஞ்ச மாட்டார்கள், நீங்களும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். மூடிய கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் கதவின் மேல்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ இடுக்கில் புகை வந்தாலோ திறக்காதீர்கள். அந்த அறையைப் பார்க்கவில்லை என்று மனதில் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

எட்டிப் பார்த்தால் போதாத இடங்கள் சில உண்டு. டாய்லெட்டில் உள்ளே போய்க் குரல் கொடுத்து ஒவ்வொரு கதவையும் தட்டுங்கள். கண்ணாடி மீட்டிங் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஃபோனில் பேசிக்கொண்டிருப்பவருக்கு மணி காதில் விழாது, எதிரே போய்க் கையசையுங்கள். பேன்ட்ரி, ஸ்டோர், பிரார்த்தனை அறை, பிரின்டர் மூலை எல்லாம் பட்டியலில் உண்டு. சர்வர் அறையில் வாயு அணைப்பு அமைப்பு இருப்பதால், அங்கே எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உள்ளே போகாதீர்கள், வெளியிலிருந்தே கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். பார்த்து முடித்த அறையின் கதவைச் சாத்துங்கள், பூட்டாதீர்கள். சாத்திய கதவு தீயையும் புகையையும் கொஞ்ச நேரமாவது தடுத்து நிறுத்தும்.

நகரச் சிரமப்படும் ஊழியருக்கு ஏற்கெனவே துணை ஒருவர் நியமிக்கப்பட்டிருக்கிறார். அவர்கள் ஏ படிக்கட்டின் பாதுகாப்பு முகப்பில் காத்திருப்பார்கள். நீங்கள் கீழே வந்ததும் முதலில் சொல்ல வேண்டியது அவர்கள் இருக்கும் இடத்தைத்தான். சக்கர நாற்காலியை நீங்களாகத் தூக்க முயலாதீர்கள்.

தீயணைப்பான் விஷயம்: குப்பைத் தொட்டி அளவுத் தீ, பின்னால் தப்பும் வழி, பயிற்சி பெற்ற கை. இந்த மூன்றும் இருந்தால் மட்டும் தொடுங்கள். ஒரு சிலிண்டரில் அணையவில்லை என்றால் விட்டுவிட்டு வெளியேறுங்கள். வீரம் காட்டும் வார்டனால் தலைமை வார்டனுக்குத் தேட வேண்டிய ஆள் ஒருவர் கூடுகிறார், அவ்வளவுதான்.

வெளியேறும்போது வரவேற்பு மேசையிலிருந்து வருகைப் பதிவேட்டையும் பார்வையாளர் பதிவேட்டையும் கிழக்கு வார்டன் எடுத்து வரட்டும். கூடுமிடம் வடக்கு வாகன நிறுத்தத்தில், பச்சைப் பலகை அருகே. அங்கே குழுத் தலைவர்கள் பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. பக்கத்துத் தளத்தவர் இருவர் உங்கள் வரிசையில் நின்றால் எண்ணிக்கை சரியாகவே வரும், ஆனால் உள்ளே நம் ஆள் இருவர் இருப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர், சாப்பிடப் போனவர், ஒப்பந்தப் பணியாளர் ஆகியோரை முதலில் கழித்தோ சேர்த்தோ தெளிவாக்குங்கள்.

பிறகு தலைமை வார்டனிடம் நேரில் போய்ச் சுருக்கமாகச் சொல்லுங்கள். இப்படி:

"நான்காம் தளம், மேற்கு. இன்று வந்தவர்கள் 31, இங்கே இருப்பவர்கள் 30. கணக்குப் பிரிவு ஆள் ஒருவரைக் காணவில்லை, கடைசியாகப் பேன்ட்ரி பக்கம் பார்த்திருக்கிறார்கள். ஸ்டோர் அறைக் கதவு சுட்டதால் பார்க்கவில்லை. மற்ற அறைகள் காலி."

"எல்லாரும் வந்துட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்பது அறிக்கை ஆகாது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், தீயணைப்பு வீரர்கள் அதை வைத்துத்தான் எங்கே தேடுவது என்று முடிவு செய்வார்கள். காணாதவரைத் தேடி நீங்கள் திரும்ப உள்ளே போகக் கூடாது. அவர் பிறகு வந்து சேர்ந்தால் உடனே தலைமை வார்டனுக்குத் தெரிவியுங்கள்.

மணி நின்றுவிட்டது என்பதற்காக யாரையும் உள்ளே விடாதீர்கள். தலைமை வார்டன் சொன்ன பிறகுதான் திரும்பலாம்.