கொன்சோலுடன் இணைத்துள்ள பழுது விவரக் குறிப்பு

மதிப்புக்குரிய ஐயா,

இந்த விளையாட்டுக் கொன்சோலில் இரண்டு பழுதுகள் இருக்கின்றன. இரண்டும் எப்போதும் வருவதில்லை, விட்டுவிட்டே வருகின்றன. சென்ற மாதம் வேறோர் இடத்தில் கொடுத்தபோது ஒரு மணிநேரம் ஓடவிட்டுப் பார்த்து, பழுது எதுவும் இல்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அதே நாளிரவு வீட்டில் அது மறுபடியும் அணைந்தது. பெட்டியை வாங்கி வைப்பவரிடம் வாயால் சொல்வது உங்கள் மேசைக்கு வந்து சேராமல் போகலாம் என்பதால், நாங்கள் கண்டவற்றை எழுதித் தருகிறேன். செப்டம்பர் 2 முதல் 20 வரை நேரத்தோடு குறித்து வைத்த பதிவேட்டிலிருந்தே இவற்றை எழுதுகிறேன். மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் அடிப்பக்க ஸ்டிக்கரில் தெளிவாக இருக்கின்றன.

முதலாவதும் எங்களுக்குப் பெரிய தொல்லையுமான பழுது, கொன்சோல் எவ்வித எச்சரிக்கையும் இன்றி முழுவதுமாக அணைந்துபோவது. வழக்கமாக நிறுத்தும்போது முன்பக்க வெளிச்சம் சிறிது நேரம் துடித்துவிட்டு அணையும். இப்படி அணையும்போது அந்தத் துடிப்பே இல்லை, பிளக்கைப் பிடுங்கினாற்போல வெளிச்சமும் விசிறியும் ஒரே நொடியில் நின்றுவிடுகின்றன. பத்தொன்பது நாட்களில் இது 11 தடவை நடந்தது. அவற்றில் 7 தடவை, இரவு முழுவதும் பிளக்கைக் கழற்றி வைத்திருந்துவிட்டுக் காலையில் போட்ட முதல் கால் மணிநேரத்துக்குள் நடந்தவை. மிகக் குறைந்தது 4 நிமிடம். மீதி நான்குக்கும் ஒழுங்கு எதையும் என்னால் காண முடியவில்லை. ஒரு தடவை இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஓடிய பின் நடந்தது, இன்னொரு தடவை விளையாட்டு எதையும் திறக்காமல் முகப்புத் திரையில் சும்மா நின்றபோதே நடந்தது.

அணைந்த உடனே பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் உயிர் வருவதில்லை. பிளக்கைக் கழற்றி ஏறத்தாழ பத்து நிமிடம் விட்ட பின்னரே இயங்குகிறது. இரண்டு தடவை மட்டும் உடனே இயங்கியது. மறுபடி இயங்கும்போது, சரியாக நிறுத்தப்படவில்லை என்ற அறிவித்தல் வருகிறது. அதிக வெப்பம் என்ற எச்சரிக்கை ஒரு தடவையேனும் வந்ததில்லை. நான்கு நிமிடத்தில் அணைந்த அன்று உடனே பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தேன், வெறும் இளஞ்சூடுதான். ஆகவே இதை வெப்பத்தால் வருவது என்று நான் நினைக்கவில்லை. குளிர்ந்திருக்கும்போது கூடுதலாக வருவதைப் பார்த்தால் மின்வழங்கிப் பகுதியிலோ ஏதோவொரு பற்றாசு இணைப்பிலோ கோளாறு இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் இது என் ஊகம் மட்டுமே, தீர்மானம் உங்களுடையது.

இரண்டாவது பழுது படம் மறைவது. திரை இரண்டு மூன்று விநாடி கறுத்து, ஒலியும் போய், பின் தானாகத் திரும்புகிறது. சில வேளைகளில் தொலைக்காட்சி ‘No Signal’ என்று காட்டி அப்படியே நின்றுவிடும். ஆனால் கொன்சோல் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது, விசிறிச் சத்தம் கேட்கிறது, கைக்கட்டுப்பாட்டியின் வெளிச்சமும் எரிகிறது. இதை 26 தடவை வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலையை ஒரு நாணயத்தின் தடிப்பளவு மேலே தூக்கிப் பிடித்தால் படம் வருகிறது, விட்டால் சில நேரம் போகிறது. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது அந்த வாயின் இடப்பக்க ஓரத்தில் வெளிர்பச்சைப் பூப்புப் போன்ற ஒரு படிவு தெரிந்தது. எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்கு அருகில் இருக்கிறது. யன்னல் கம்பிகளையே உப்புக்காற்று அரித்துவிடுகிறது, ஆதலால் உள்ளே வேறு இடங்களிலும் அரிப்பு இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். இந்த எச்.டி.எம்.ஐ. வாய் 2023இல் ஒரு தடவை மாற்றப்பட்டது என்பதையும், அப்போது பெட்டி திறக்கப்பட்டு முத்திரை உடைந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இனி, நாங்கள் செய்து பார்த்தவை. எச்.டி.எம்.ஐ. கேபிளை இரண்டு தடவை மாற்றினோம், அவற்றில் ஒன்று புதிதாக வாங்கியது. வேறு தொலைக்காட்சியிலும் போட்டுப் பார்த்தோம். படம் மறைவது எல்லாவற்றிலும் தொடர்ந்தது. அணைவதைப் பொறுத்தவரை, முதலில் எக்ஸ்டென்ஷன் கோட்டை விலக்கி நேரடியாகச் சுவர்ப் பிளக்கில் போட்டோம், பயனில்லை. குளிர்சாதனப் பெட்டி இயங்கும் நேரத்தில் வோல்டேஜ் இறங்குகிறதோ என்ற சந்தேகத்தில், செப்டம்பர் 12 முதல் 14 வரை தெகிவளையில் உள்ள என் தங்கை வீட்டில் வைத்து ஓட்டினோம். அங்கேயும் இரண்டு தடவை அணைந்தது. அந்த இரண்டும் மேற்சொன்ன 11இல் அடங்கும். எங்கள் வீட்டு மின்னிணைப்பு காரணமல்ல என்பதற்கு இதையே நான் வலுவான சான்றாகக் கொள்கிறேன்.

ஒன்றில் மட்டும் நான் தவறு செய்தேன். செப்டம்பர் 5 அன்று வெளித் துவாரங்களில் இருந்த தூசியை அகற்றியதும் மின்கம்பியை மாற்றியதும் ஒரே நாளில் நடந்தன. அதன்பின் மூன்று நாள் எந்தக் குறையும் இல்லாததால் தீர்ந்துவிட்டது என்று நம்பினோம், 9ஆம் திகதி காலையில் இரண்டு தடவை அணைந்தது. அந்த மூன்று நாள் அமைதி எதனால் என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது, ஆகவே அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மென்பொருளை இற்றைப்படுத்தினோம், பாதுகாப்பு நிலையில் ‘Rebuild Database’ செய்தோம், இரண்டினாலும் மாற்றம் இல்லை.

இவ்விரு பழுதுகளும் தொடர்புடையவையா என்பது எனக்குத் தெரியவில்லை. கேபிளை அசைத்தபோது படம் போயிருக்கிறதே தவிர, கொன்சோல் ஒருபோதும் அணைந்ததில்லை.

பெட்டியை நாங்கள் திறக்கவில்லை. மின்வழங்கியைத் தொடவில்லை, பற்றாசு வைக்கவில்லை, வெப்பப் பசையையும் மாற்றவில்லை. வன்தட்டு வாங்கியபோது இருந்ததே. அதிலுள்ள சேமிப்புகளைப் பென் டிரைவில் எடுத்திருந்தாலும், என் மகள் மூன்று ஆண்டுகளாகக் கட்டிய விளையாட்டு உலகம் ஒன்று அதில் இருக்கிறது. எனவே என்னிடம் கேட்காமல் வன்தட்டை அழிக்கவோ தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகவோ வேண்டாம். இதை மட்டும் மிகவும் வேண்டிக் கேட்கிறேன்.

பழுதை நேரில் காண விரும்பினால், இரவில் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுக் காலையில் இயக்கிப் பாருங்கள். ஒரு காலையில் வராவிட்டால் அடுத்த காலையிலும் பார்க்க வேண்டியிருக்கும், ஆகவே குறைந்தது இரண்டு நாட்களாவது உங்களிடம் வைத்திருங்கள், எங்களுக்கு அவசரமில்லை. படம் மறையும் காட்சியையும் ஒரு தடவை அணைந்ததையும் கைபேசியில் பிடித்துப் பென் டிரைவில் போட்டுள்ளோம், அதுவும் பையில் இருக்கிறது.

செலவு 15,000 ரூபாவுக்கு மேற்படுமானால் வேலையைத் தொடங்கும் முன் அழைத்துச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டிலுள்ள எண்ணில் மாலை நான்கு மணிக்குப் பின் நான் பேசக்கூடியதாக இருக்கும். மாற்றும் பாகங்களின் பழையவற்றைத் திருப்பித் தாருங்கள். பழுது உங்களிடம் வராமலே போனால், எதையும் மாற்றாமல் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

பையில் கொன்சோல், எங்கள் மின்கம்பி, புதிய எச்.டி.எம்.ஐ. கேபிள், ஒரு கைக்கட்டுப்பாட்டி, பென் டிரைவ், பதிவேட்டின் பிரதி ஆகியவை உள்ளன. பின்பக்கத் திருகாணி ஒன்று முன்னரே இல்லை.

இப்படிக்கு,
கொன்சோலின் உரிமையாளர்
வெள்ளவத்தை, கொழும்பு 6
2025 செப்டம்பர் 21