அவசரப் பாதுகாப்பு அறிவிப்பு: 1042 மாடல் பவர் பேங்க் திரும்பப் பெறப்படுகிறது

எங்கள் 1042 மாடல் பவர் பேங்க் உங்களிடம் இருந்தால் அதைப் பயன்படுத்துவதை இப்போதே நிறுத்துங்கள். சார்ஜில் போட்டிருந்தால் முதலில் சுவிட்சை அணைத்து, பிறகு கேபிளைக் கழற்றுங்கள். செல்போனுடன் இணைத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். சாதனம் வீங்கியிருந்தாலோ, கையில் பிடிக்க முடியாத அளவு சூடாக இருந்தாலோ, புகை வந்தாலோ அதைத் தொடாமல், கீழே "புகை, வாடை, சத்தம்" என்ற பகுதியை முதலில் படியுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம். இணைப்பைத் துண்டித்த பிறகு மற்ற வேலைகளை நிதானமாகச் செய்யலாம்; ஆனால் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

என்ன பிரச்சினை?

பவர் பேங்கின் உள்ளே இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியில் நேர்முனையும் எதிர்முனையும் ஒன்றையொன்று தொடாதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று தடுத்து நிற்கிறது. குறிப்பிட்ட சில வாரங்களில் தயாரான பேட்டரிகளில் இந்தத் தாள் சற்று விலகிப் பொருத்தப்பட்டுள்ளது. பலமுறை சார்ஜ் ஏறி இறங்கும்போது அந்த இடைவெளியில் ஷார்ட் சர்க்யூட் ஏற்பட்டு, பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். சார்ஜ் செய்யாமல் சும்மா வைத்திருக்கும்போதும் இது நடக்கலாம்.

இதுவரை ஏழு வாடிக்கையாளர்கள் எங்களிடம் புகார் அளித்துள்ளனர். ஐந்து சாதனங்கள் வீங்கின, இரண்டு தீப்பற்றின. அதில் ஒரு மேசையும் ஒரு பையும் கருகின. யாருக்கும் காயமில்லை. உங்கள் பவர் பேங்க் இத்தனை நாளும் ஒரு தொந்தரவும் தராமல் உழைத்திருக்கலாம். இந்தக் குறை வெளியில் தெரியாது என்பதால், அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

உங்களுடையது இதில் சேருமா?

சாதனத்தின் பின்புறம் வெள்ளை லேபிள் இருக்கும். மேல் வரியில் மாடல் எண், கீழ் வரியில் ஆறு இலக்கத் தொகுதி எண். மாடல் எண் 1042 ஆகவும், தொகுதி எண் 243100 முதல் 243899 வரையிலும் இருந்தால் உங்கள் சாதனத்தைத் திருப்பித் தர வேண்டும். முதல் இரண்டு இலக்கம் ஆண்டையும் அடுத்த இரண்டு வாரத்தையும் குறிக்கும். அதாவது 2024 ஜூலை இறுதியிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை தயாரானவை. 243517 என்றிருந்தால் சேரும். 244002 என்றிருந்தால் சேராது. அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.

எழுத்து மிகச் சிறியது. செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது எளிது. அட்டைப் பெட்டியில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். வீட்டில் இரண்டு மூன்று பவர் பேங்க் இருந்தால் பெட்டிகள் மாறியிருக்கும். லேபிள் அழிந்து எண் தெரியவில்லை என்றால், பாதிக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு, கருநீலம் ஆகிய இரு நிறங்களிலும் இந்தக் குறை உள்ளது.

இப்போது செய்ய வேண்டியவை

1. பவர் பேங்கைச் சிமென்ட் அல்லது ஓடு பதித்த தரையில் தனியாக வையுங்கள். மெத்தை, திரைச்சீலை, காகிதம், மரப்பலகை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. வெயில் படாத இடம், குழந்தைகளுக்கு எட்டாத இடம், வீட்டை விட்டு வெளியேறும் வழியை மறிக்காத இடம் என்று பாருங்கள்.

2. மீதமிருக்கும் சார்ஜைத் தீர்த்துவிடலாம் என்று செல்போனை இணைக்காதீர்கள். திறந்து பார்க்கவும் வேண்டாம். குளிர்ந்தால் நல்லது என்று குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது.

3. லேபிளில் அச்சிட்டுள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாடல் எண்ணையும் தொகுதி எண்ணையும் சொன்னால் ஒரு பதிவு எண் தருவார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. சாதனத்தை வாங்கிய கடையிலோ எங்கள் சேவை மையத்திலோ நேரில் ஒப்படையுங்கள். கொண்டுவரும்போது கேபிள் துளைகளை ஒட்டும் டேப்பால் மூடி, சாவி, நாணயங்களோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வாருங்கள். சட்டைப்பையில் போட வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். ஒப்படைக்கும் இடத்தில் ஊழியர் அதை உங்கள் முன்னிலையிலேயே உலர்ந்த மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து, ரசீது தருவார்.

வீங்கிய சாதனத்தை நீங்கள் எடுத்து வர வேண்டாம். முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள், தொலைவில் வசிப்பவர்களும் அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் ஊழியர்கள் பாதுகாப்புப் பெட்டியுடன் வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்வார்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். இதைத் தபாலிலோ கூரியரிலோ அனுப்பாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி அங்கேயே தீப்பிடிக்கும். கையால் குப்பை பிரிப்பவருக்குத்தான் முதல் ஆபத்து. குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்படும் பேட்டரியை விமானத்திலும் கொண்டு செல்லக் கூடாது. நாளைக்குப் பயணம் என்றால் இன்றிரவே பையைத் திறந்து பாருங்கள்.

புகை, வாடை, சத்தம்

பவர் பேங்கிலிருந்து சீறும் சத்தம், புகை, பெயின்ட் கரைப்பானைப் போன்ற வாடை ஆகியவற்றில் எது வந்தாலும் அதைத் தூக்கி வெளியே எறிய முயலாதீர்கள். அறையில் இருக்கும் எல்லோரையும் வெளியேற்றுங்கள். கதவைச் சாத்திவிட்டு, வெளியே வந்ததும் தீயணைப்புத் துறையை அழையுங்கள். லித்தியம் பேட்டரி எரிகிறது என்று சொல்ல மறக்காதீர்கள். அந்தப் புகை நச்சுத்தன்மை உள்ளது. செல்போனை எடுக்க, பணத்தை எடுக்க என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். அணைந்துவிட்டதாகத் தோன்றும் பேட்டரி மீண்டும் பற்றிக்கொள்ளலாம். தீயணைப்பு வீரர்கள் சொன்ன பிறகே உள்ளே செல்லுங்கள்.

பணமா, புதிய சாதனமா?

நீங்களே தேர்ந்தெடுக்கலாம். செலுத்திய விலையை முழுமையாகத் திருப்பித் தருகிறோம். அல்லது வேறு தொகுதியில் தயாரான, சோதிக்கப்பட்ட புதிய பவர் பேங்க் தருகிறோம். சாதனத்தை ஒப்படைத்த 7 வேலை நாட்களுக்குள் இரண்டில் ஒன்று உங்களை வந்து சேரும். வாங்கிய பில் தேவையில்லை. பில் இல்லாதவர்களுக்கு அதிகபட்ச சில்லறை விலை வழங்கப்படும். பரிசாகக் கிடைத்தது, பிறரிடமிருந்து வாங்கியது, உத்தரவாதக் காலம் முடிந்தது என எதுவானாலும் எந்தத் தடையும் இல்லை. இதற்குக் கடைசித் தேதியும் கிடையாது.

இந்த நேரத்தைப் பயன்படுத்தி ஏமாற்ற நினைப்பவர்களும் இருப்பார்கள். பணம் திருப்பித் தர உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தைச் சேவை மையத்தில் படிவத்தில் மட்டுமே கேட்போம். தொலைபேசியில் ஒருமுறைக் கடவுச்சொல்லையோ அட்டையின் ரகசிய எண்ணையோ கேட்பவர் எங்கள் ஊழியர் அல்ல. உடனே இணைப்பைத் துண்டியுங்கள்.

இந்தப் பவர் பேங்கை யாருக்காவது கொடுத்திருந்தால் அல்லது விற்றிருந்தால், அவருக்கு இந்த அறிவிப்பை இன்றே தெரியப்படுத்துங்கள். அவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த விவரங்களை வைத்து நாங்கள் தேட முயல்வோம்.

உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

தயாரிப்புப் பாதுகாப்புப் பிரிவு