விண்மீனின் ஆயுளும் எட்டுக் கோள்களும்: ஒன்பதாம் வகுப்புப் பயிற்சித்தாள்

மாலை அறிவியல் வகுப்பு, மண்டபம். நேரம் ஒன்றரை மணி. இரண்டிரண்டு பேராகச் செய்யுங்கள். கணக்கை நோட்டில் போடுங்கள், இந்தத் தாளில் கிறுக்க வேண்டாம். கடைசிப் பகுதியை மட்டும் ஜனவரி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில் கரையில் நின்று செய்வோம். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும்.

பகுதி 1: விண்மீன் பிறந்து மடியும் கதை

வாசியுங்கள்.

விண்மீன் பிறக்கும் இடம் நெபுலா. பெரும்பாலும் ஹைட்ரஜன், கொஞ்சம் ஹீலியம், சிறிது தூசு, எல்லாம் கலந்த மேகம் அது. தன் ஈர்ப்பாலேயே அது மெல்லச் சுருங்கும். சுருங்கச் சுருங்க நடுப்பகுதி சூடேறும். ஏறத்தாழ ஒரு கோடி டிகிரியைத் தொட்டதும் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகத் தொடங்கும். அந்த நொடிதான் பிறப்பு. அதன்பின் ஈர்ப்பு உள்ளே அமுக்கும், வெப்பம் வெளியே தள்ளும். இரண்டும் சமமாக இருக்கும் வரை விண்மீன் நிலையாக எரியும். நம் சூரியன் இப்படி 460 கோடி ஆண்டாக எரிகிறது. இன்னும் 500 கோடி ஆண்டுக்கு எரிபொருள் இருக்கிறது, கவலை வேண்டாம்.

அப்புறம்? நடுவில் ஹைட்ரஜன் தீரும். உள்பகுதி சுருங்க, வெளிப்பகுதி ஊதிப் பெருகிச் சிவக்கும். இதற்குப் பெயர் செம்பெரு விண்மீன். சூரியன் அந்த நிலைக்கு வரும்போது புதனையும் வெள்ளியையும் விழுங்கிவிடும். புவியின் கதி என்ன என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் உண்டு. பிறகு மேலுறை விலகிப் பரவ, நடுவில் புவி அளவுக்கே உள்ள வெண்குறுமீன் மிஞ்சும். அது புதிதாக எதையும் எரிக்காது. இறக்கி வைத்த அடுப்பு போல மெல்ல ஆறும், அவ்வளவுதான்.

சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறை உள்ள விண்மீனின் முடிவு வேறு. அது ஹீலியம், கார்பன் என்று ஒவ்வொன்றாக எரித்து இரும்பு வரை போகும். இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைக்காது, செலவுதான் ஆகும். வெளியே தள்ளும் விசை நின்றதும் நடுப்பகுதி சரிந்து விழும். பெரும்பாலும் அது சூப்பர்நோவாவாக வெடிக்கும். மிஞ்சுவது 20 கிலோமீட்டர் அளவு குறுக்களவுள்ள நியூட்ரான் விண்மீன், அல்லது கருந்துளை. 1054ஆம் ஆண்டில் சீன வானியலாளர்கள் பகலிலேயே ஒரு புதிய விண்மீனைக் கண்டு எழுதி வைத்தார்கள். அதன் சிதறல்தான் இன்று நாம் காணும் நண்டு நெபுலா.

வெண்குறுமீனுக்கு ஓர் எல்லை உண்டு. சூரிய நிறையில் 1.4 மடங்கைத் தாண்டினால் அது தாங்காது. 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே இந்தக் கணக்கைப் போட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அப்போது அவருக்கு வயது 19. 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

கேள்விகள்:

1. ஒரு விசைப்படகு தொட்டி நிறைய டீசலோடு கடலுக்குப் போகிறது. ஒரு நாட்டுப்படகு ஒரே ஒரு கேனோடு போகிறது. ஆனாலும் நாட்டுப்படகின் எண்ணெய் அதிக நேரம் வருகிறது என்று வையுங்கள். இதை வைத்து, எரிபொருள் அதிகம் உள்ள பெரிய விண்மீன் ஏன் சீக்கிரம் மடிகிறது என்று மூன்று வரியில் எழுதுங்கள்.

2. திருவாதிரை சிவந்து தெரிகிறது, ரைஜெல் நீல வெள்ளையாகத் தெரிகிறது. இரண்டில் எதன் மேற்பரப்பு அதிகச் சூடு? கொல்லன் உலை இரும்பை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

3. வியாழனும் ஹைட்ரஜன், ஹீலியத்தால் ஆனதுதான். பிறகு ஏன் அது விண்மீன் ஆகவில்லை?

பகுதி 2: கோள்கள்

தூரம் வானியல் அலகில் உள்ளது. ஓர் அலகு என்பது சூரியனுக்கும் புவிக்கும் இடையே உள்ள சராசரித் தூரம், ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர்.

| கோள் | தூரம் | விட்டம் (கி.மீ.) | சூரியனைச் சுற்ற | தன்னைத்தானே சுற்ற |
|---|---|---|---|---|
| புதன் | 0.39 | 4,879 | 88 நாள் | 59 நாள் |
| வெள்ளி | 0.72 | 12,104 | 225 நாள் | 243 நாள் |
| புவி | 1 | 12,742 | 365 நாள் | 24 மணி |
| செவ்வாய் | 1.52 | 6,779 | 687 நாள் | 24.6 மணி |
| வியாழன் | 5.2 | 1,39,820 | 11.9 ஆண்டு | 10 மணி |
| சனி | 9.5 | 1,16,460 | 29.5 ஆண்டு | 10.7 மணி |
| யுரேனஸ் | 19.2 | 50,724 | 84 ஆண்டு | 17 மணி |
| நெப்டியூன் | 30.1 | 49,244 | 165 ஆண்டு | 16 மணி |

(போன வருடத் தாளில் வெள்ளியின் கடைசி இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். பின் பெஞ்சில் இருந்த பிள்ளை ஒருத்திதான் பிடித்தாள். இந்த முறை மூன்று தடவை பார்த்துவிட்டேன். நீங்களும் பாருங்கள்.)

4. அட்டவணையில் எந்தக் கோளில் ஒரு சுழற்சி ஓர் ஆண்டைவிட நீளம்?

5. உங்களுக்கு வயது 14. புதனில் பிறந்திருந்தால் இப்போது எத்தனை வயது? சனியில்?

6. சூரிய ஒளி புவிக்கு வர ஏறத்தாழ 8.3 நிமிடம் ஆகும். நெப்டியூனுக்கு எவ்வளவு நேரம்?

7. புதன் சூரியனுக்கு அருகில் இருந்தும் வெள்ளிதான் அதிகச் சூடு, 465 டிகிரி செல்சியஸ். கதவு மூடி வெயிலில் நிற்கும் வேனுக்குள் ஏறிய அனுபவம் உங்களுக்கு உண்டு. காரணத்தை எழுதுங்கள்.

8. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். நவக்கிரகம்: சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, ராகு, கேது. இந்த ஒன்பதையும் மேலே உள்ள எட்டோடு ஒப்பிடுங்கள். எவை இரண்டிலும் உள்ளன? விடுபட்டவை எவை, ஏன்? வழிபாட்டைப் பற்றிய கேள்வி அல்ல இது. தொலைநோக்கி இல்லாத கண்ணுக்கு வானில் நகர்வதாகத் தெரிந்தவை எவை என்பதே கேள்வி.

பகுதி 3: கரையில்

ஒரு கொண்டைக்கடலையை மணலில் வையுங்கள். அது சூரியன். ஒரு மீட்டர் தள்ளிப் புவி, அது ஒரு பொடி மணல். 5.2 மீட்டரில் வியாழன், ஒரு கசகசா. 30 மீட்டரில் நெப்டியூன். இந்த அளவில் அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி 268 கிலோமீட்டரில் இருக்கும். இங்கிருந்து நேர்கோட்டில் போனால் ஏறத்தாழக் கடலூர்!

9. இரவு எட்டு மணிக்குக் கிழக்கு வானில் ஓரியனைத் தேடுங்கள். சிவந்த திருவாதிரை, நீல ரைஜெல், இடுப்பில் வரிசையாக மூன்று. அந்த மூன்றை ஒட்டி மங்கலான புகைப்பொட்டு ஒன்று தெரியும். அது எந்தப் பருவத்து விண்மீன்களின் இடம்?

10. வடக்கே திரும்பி, கையை நீட்டி முட்டியை அடிவானத்தில் வையுங்கள். துருவ நட்சத்திரம் ஏறத்தாழ முட்டியின் மேல்விளிம்பில் நிற்கும். ஒரு முட்டி 10 டிகிரி. நாம் நிற்கும் அட்சரேகை 9.3 டிகிரி. இரண்டும் ஏன் ஒத்துப்போகின்றன என்று படம் போட்டுக் காட்டுங்கள்.

சரிபார்க்க (முடித்த பின் மட்டும்)

1. பெரிய விண்மீனின் நடுவில் அழுத்தமும் வெப்பமும் கூடுதல், எரியும் வேகம் பலமடங்கு. சூரியனைப் போன்றது 1,000 கோடி ஆண்டு எரிய, பெருநிறை விண்மீன் சில கோடி ஆண்டில் முடிந்துவிடும்.
2. ரைஜெல். இரும்பும் முதலில் சிவக்கும், சூடு ஏறினால் வெளுக்கும்.
3. நிறை போதாது. இன்னும் ஏறத்தாழ 80 மடங்கு வேண்டும்.
4. வெள்ளி.
5. புதனில் 58. சனியில் அரை வயதுகூட ஆகவில்லை.
6. ஏறத்தாழ 250 நிமிடம், 4 மணி 10 நிமிடம்.
7. அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு உறை வெப்பத்தை வெளியே விடாது. புதனுக்கு அப்படி உறை இல்லை.
8. ஐந்து பொது. சூரியன் விண்மீன், சந்திரன் துணைக்கோள், ராகுவும் கேதுவும் சந்திரன் பாதை சூரியன் பாதையைக் கடக்கும் புள்ளிகள். புவியின் மேல் நாமே நிற்கிறோம். யுரேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும்தான் தொலைநோக்கியில் கோள் என அறியப்பட்டன.
9. பிறந்துகொண்டிருப்பவை. அது ஓரியன் நெபுலா.
10. படத்தை நேரில் காட்டுங்கள், அங்கேயே திருத்துகிறேன்.