அப்பாவின் மாத்திரை அட்டவணை: 2025 ஜூன் 10 செவ்வாய் இரவு முதல்

அப்பா, நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டு ஸ்கிரீன்ஷாட்டில் கடைசி வரி பாதி வெட்டுப்பட்டிருந்தது. இருமல் சிரப் எத்தனை நாள் என்று தெரியவில்லை. கிளினிக்கில் போன் பண்ணிக் கேட்டேன், 5 நாள்தான். அம்மாவிடம் சொல்லி இதை பிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள்.

காலை 7.30, வெறும் வயிற்றில்
பான்டோபிரசோல் 40, ஒன்று. புதன் காலை தொடங்கி ஜூன் 15 ஞாயிறு காலையோடு முடியும். இதைப் போட்டு அரை மணி கழித்து இட்லி.

காலை 8.15, சாப்பிட்ட உடனே
அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625, ஒன்று.
மெட்ஃபார்மின் 500, டெல்மிசார்டன் 40: எப்போதும் போடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள். இவற்றுக்கு முடிவு தேதி கிடையாது. புது மாத்திரை வந்துவிட்டது என்று இவற்றை நிறுத்திவிடாதீர்கள், போன தடவை மாதிரி.
சிரப் 5 மில்லி, மூடியில் கோடு வரை.

மதியம் 1.30, சாப்பிட்ட பிறகு
சிரப் 5 மில்லி மட்டும்.

இரவு 8.15, சாப்பிட்ட உடனே
அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625, ஒன்று.
மெட்ஃபார்மின் 500, ஒன்று.
சிரப் 5 மில்லி.

இரவு 9.30, படுக்கும் முன்
மான்டெலுகாஸ்ட்-லெவோசெட்ரிசின், ஒன்று. 10 நாள்: ஜூன் 19 வியாழன் இரவோடு முடியும். தூக்கம் கண்ணைச் சுழற்றும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

காய்ச்சல் இருந்தால் மட்டும்
பாராசிட்டமால் 650. சீட்டில் எஸ்.ஓ.எஸ். என்று இருப்பது இதுதான்: தினமும் போட வேண்டியதில்லை. தெர்மாமீட்டரில் 100க்கு மேல் போனால் ஒன்று. அடுத்தது ஆறு மணி நேரம் கழித்து, ஒரு நாளில் மூன்றுக்கு மேல் கூடாது. அலமாரியில் இருக்கும் ஜலதோஷ மாத்திரையைத் தொட வேண்டாம், அதிலும் பாராசிட்டமால் இருக்கிறது.

முடிவு தேதிக் கணக்கு
625 மாத்திரை மொத்தம் பத்து. இன்று இரவு ஒன்று, புதன் முதல் சனி வரை எட்டு, ஞாயிறு காலை கடைசி. ஐந்து நாள் என்றதும் சனிக்கிழமையே முடிந்தது என்று நினைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இருமல் குறைந்தாலும் பத்தையும் முடிக்க வேண்டும். ஞாயிறு மதியம் அட்டையில் ஒன்று மிச்சம் இருந்தால் எங்கோ ஒரு வேளை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். சேர்த்து இரண்டாகப் போடாமல் எனக்குக் கூப்பிடுங்கள்.

சிரப் ஞாயிறு மதியத்தோடு சரி. 100 மில்லி பாட்டிலில் கால் பங்கு மிஞ்சும். அதைக் குடித்துத் தீர்க்க வேண்டாம்.

உடம்பில் தடிப்பு, அரிப்பு வந்தாலோ, வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலோ அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் 108.

ஒவ்வொரு வேளையும் போட்டதும் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக். இரவு ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டுக் கேட்பேன்.