பூவிலை செயலி: விளம்பரப் படத்துக்கான பிராம்ப்ட், நான்காம் வடிவம்

ஒரு கை, கைபேசியைப் பிடித்திருக்கும் விளம்பரப் படம் ஒன்று வேண்டும். நிழற்படம்போல இருக்க வேண்டும். ஓவியமோ முப்பரிமாணப் பொம்மையோ வேண்டாம். நெடுக்கு வடிவம், விகிதம் 4:5, அளவு 1080 × 1350 பிக்சல்.

நேரம் விடியற்காலை ஐந்தரை. இடம் மல்லிகைத் தோட்டம். சூரியன் இன்னும் எழவில்லை. கீழ்வானில் மெல்லிய செம்மஞ்சள் கீற்று மட்டும் தெரிகிறது, அதற்கு மேலே முழுவதும் சாம்பல் கலந்த நீலம். இடுப்பளவு உயரச் செடிகள் வரிசையாக நிற்கின்றன, வரிசைகளுக்கு நடுவே செம்மண். செடிகள் மங்கலாக, அடர்ந்த பச்சைத் திட்டுகளாகத் தெரிந்தால் போதும். கைக்கும் கைபேசிக்கும் மட்டுமே கூர்மை.

கை முக்கியம். ஐம்பது வயதை ஒட்டிய, தோட்டத்தில் பூப் பறிக்கும் ஒரு பெண்ணின் இடது கை. மாநிறத்தைவிடக் கொஞ்சம் கருத்த தோல். புறங்கையில் நரம்பு லேசாகப் புடைத்திருக்கும். நகங்கள் ஒட்ட வெட்டியவை, சாயம் கிடையாது. கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் மெல்லிய மண்கோடு. விரல் நுனிகளில் பனி ஈரம். மணிக்கட்டில் பச்சைக் கண்ணாடி வளையல் இரண்டு. மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் இல்லை. முன்பு எடுத்த மூன்று வடிவங்களிலும் அழகுநிலையத்திலிருந்து நேராக வந்த வெளுத்த கை ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது. அந்தக் கை இந்தத் தோட்டத்தில் ஒரு நாளும் பூப் பறித்திருக்காது. இந்தப் பக்கம் பூப்போடும் எவரும் முதல் பார்வையிலேயே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு செயலியையும் நம்ப மாட்டார்கள்.

பிடிக்கும் விதம்: பிடித்திருப்பவர் தம் கைபேசியைத் தாமே பார்க்கும் கோணம். உள்ளங்கை பின்னால் மறைந்திருக்கிறது. கைபேசியின் இடது விளிம்பில் கட்டைவிரல்; வலது விளிம்பைச் சுற்றி மற்ற நான்கு விரல்களின் நுனிகள். மொத்தம் ஐந்து விரல்கள்தான். கட்டைவிரல் திரையின் மேல் படியக் கூடாது, விளிம்பில் நிற்க வேண்டும். விரல்கள் இறுகப் பற்றவில்லை. பழகிப்போன பொருளைப் பிடிக்கும் தளர்ச்சி தெரிய வேண்டும்.

கைபேசி: விலை குறைந்த, கறுப்பு நிற, ஆறரை அங்குலத் திரை கொண்ட ஒன்று. எந்த நிறுவனத்தின் சின்னமும் தெரியக் கூடாது. அதன்மேல் ஒளி ஊடுருவும் உறை. நாள்பட்டு விளிம்புகளில் மஞ்சள் பூத்துப்போனது. கீழ் வலது மூலையில் உறையில் சின்னக் கீறல். புத்தம்புதிய கைபேசி வேண்டாம், விரிசல் விட்ட திரையும் வேண்டாம். ஏழ்மையைக் காட்டுவது நம் வேலையில்லை.

திரை: கைபேசி ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும், சாய்வு ஐந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. திரையின் நான்கு மூலைகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்னணி ஒரே நிறம், அரிசிமாவு போன்ற வெண்மை. மேலே இடப்பக்கம் சின்னப் பச்சை வட்டம் ஒன்று. நடுவில் கரும்பச்சை நிறத்தில் ஒரு பெரிய செவ்வகப் பட்டை, திரை அகலத்தில் முக்கால் பங்கு. விலை எண் வரப்போவது அந்த இடத்தில். அதன் கீழே அதில் பாதி நீளத்துக்கு மெல்லிய சாம்பல் கோடு. அடியில் வட்டமான மூலைகள் கொண்ட பச்சைப் பொத்தான் ஒன்று. இவ்வளவுதான். வரைபடம், பட்டியல், மணிச்சின்னம், தேடல் பெட்டி எதுவும் வேண்டாம். பறிப்பை நடுவில் நிறுத்திவிட்டு ஈரக் கையோடு திரையைப் பார்க்கிறவருக்கு ஓர் எண் கண்ணில் பட்டால் போதும்.

திரையில் எழுத்து ஒன்றுகூட வரக் கூடாது, எண்ணும் கூடாது. இரண்டாம் வடிவத்தில் ‘மல்லி’ என்று கேட்டதற்குப் புள்ளி பறந்துபோய், லகரம் எந்த மொழிக்கும் சொந்தமில்லாத சுழியாக மாறியிருந்தது. எழுத்துகளை வடிவமைப்பில் நாங்களே வைத்துக்கொள்கிறோம்: மேலே ‘மல்லி, ஒரு கிலோ’, பட்டைக்குப் பதிலாக ‘₹840’, கோட்டின் இடத்தில் ‘நேற்றைவிட ₹60 கூடுதல்’, பொத்தானில் ‘பூ கொண்டுவருகிறேன்’. திரை சமதளமாகவும் பிரதிபலிப்பு இல்லாமலும் இருந்தால்தான் அவை ஒட்டவைத்ததுபோல் தோன்றாது.

வெளிச்சம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது. வானத்து நீலம் எல்லாவற்றின்மீதும் மெல்லப் படர்ந்திருக்கிறது. அவர் நெற்றியில் கட்டியிருக்கும் டார்ச் படத்தில் தெரியாது. ஆனால் அதன் வெள்ளை ஒளி மேலிருந்து விரல் முட்டிகளிலும் வளையலிலும் விழுகிறது, திரையில் விழவில்லை. மூன்றாவது, கைபேசித் திரையின் ஒளி. அது கட்டைவிரலின் உட்பக்கத்தில் மட்டும் பட்டு நிற்க வேண்டும். திரை தீப்பந்தம்போல எரிய வேண்டாம், முகப்பு விளக்கு அளவுக்கும் போக வேண்டாம். விடியலின் அமைதியைக் கலைக்காத வெளிச்சம் போதும்.

கைக்குக் கீழே, படத்தின் அடிவிளிம்பில், சேலை மடியின் ஒரு மடிப்பு மங்கலாகத் தெரியலாம். நிறம் வெளுத்த ஊதா. அதில் பறித்த மொட்டுகள் ஒரு பிடி. இங்கே கவனம் தேவை: அவை மொட்டுகள், விரிந்த பூக்கள் அல்ல. பருத்து, நுனி கூர்ந்து, காம்பு நீண்ட, பால்வெள்ளை மொட்டுகள். அடிப்பகுதியில் இளம்பச்சைச் சாயல். சந்தைக்குப் போகும் மல்லியை மொட்டாகத்தான் பறிப்பார்கள், அது விரிவது மாலையில். ஐந்து இதழும் நடுவில் மஞ்சளும் கொண்ட கோவில் அரளிப்பூ முதல் வடிவத்தில் வந்தது. அது இன்னொரு முறை வந்தால் படத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊரின் பெயரை இதில் வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பின்னணியில் கோபுரம் முளைத்துவிடுகிறது. எனவே, கோபுரம் கூடாது, மாலை கூடாது, தலையில் பூச்சூடிச் சிரிக்கும் பெண் கூடாது, குத்துவிளக்கு கூடாது. முகமே வேண்டாம். இந்த ஊர் மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ. தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள அதற்குக் கோபுரம் தேவையில்லை.

படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானமாக இருக்க வேண்டும். மேகமோ பறவையோ கிளையோ உள்ளே நுழையக் கூடாது. அங்கே ‘மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன்பே விலை தெரியும்’ என்ற வரியை வெள்ளை எழுத்தில் வைக்கப்போகிறோம். எனவே அந்தப் பகுதி நீலம் நன்றாகக் கருத்திருந்தால்தான் எழுத்து வாசிக்க வரும். கைபேசி நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் விலகி, படத்தின் கீழ் இரண்டு பங்குக்குள் நிற்கட்டும்.

கேமரா அவர் கண்ணின் உயரத்தில், கைபேசியிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. தூரத்தில். 50 மி.மீ. லென்ஸ், f/2.8. தோலை மெருகேற்ற வேண்டாம். துளைகளும் ரேகைகளும் இருக்கட்டும். நிறங்களைக் கூட்டிக் காட்ட வேண்டாம். விடியற்காலையில் பச்சை அவ்வளவு பளிச்சென்று இருக்காது.

நான்கு படங்கள் தேவை. கை, கைபேசி, கோணம் மூன்றும் நான்கிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கீழ்வானத்து வெளிச்சம் மட்டும் மாறட்டும். முதலாவதில் கிட்டத்தட்ட இருட்டு, நான்காவதில் செம்மஞ்சள் கீற்று ஒரு விரல் அகலம்.